சின்ன பலூனில் சிரிப்பு சிந்தாமல்: காமிக்ஸ் வசனத்தைத் தமிழில் பொருத்துவது எப்படி

புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களிடம் மூன்றே கட்டமுள்ள ஒரு பயிற்சிப் பக்கத்தைக் கொடுப்பது என் வழக்கம். வசனம் மொத்தமே பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள்தான். அரை மணியில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பிழை இருக்காது, ஒரு சிரிப்பும் இருக்காது. அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டு, வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் பார்த்தவரை தவறுகளில் பாதிக்கு மேல் வரிசையில்தான் நடக்கின்றன.

பக்கம் இதுதான். பழைய அமெரிக்க மேற்குப் பகுதி, ஒரு சிறிய வங்கி.

முதல் கட்டத்தில் முகமூடிக் கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டுகிறான். ஆங்கிலத்தில் அவன் சொல்வது "திஸ் இஸ் எ ஸ்டிக்-அப்!" துப்பாக்கி முனையில் கொள்ளை என்று அர்த்தம். ஆனால் 'ஸ்டிக்' என்றால் ஒட்டு என்றும் அர்த்தம்.

இரண்டாவது கட்டத்தில் காசாளர் பணிவாகக் குனிந்து, பிரஷ் செருகிய பெரிய பசை ஜாடியை நீட்டுகிறார். "சர்ட்டன்லி, சர். வில் பேஸ்ட் டூ?" ஆகட்டும் ஐயா, பசை போதுமா என்கிறார்.

மூன்றாவது கட்டத்தில் கொள்ளைக்காரனின் இரண்டு கையும் பணப்பையோடு ஒட்டிக் கிடக்கின்றன. துப்பாக்கி தரையில். வாசலில் ஷெரீஃப். "நவ் ஐ'ம் தி ஒன் ஹூஸ் ஸ்டக்!" ஒட்டிக்கொண்டேன், மாட்டிக்கொண்டேன் என்ற இரண்டும் அந்த ஒரே 'ஸ்டக்'கில் இருக்கின்றன.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வெளியிடும் உரிமை. வெளியிட நினைத்தால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பலூன்களின் வடிவத்தைத் தொடலாமா, பின்னணியில் உள்ள பெயர்ப்பலகைகளை மாற்றலாமா என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு இது தேவைப்படும்.

இரண்டாவது, எழுத்து இல்லாத பக்கம். படம் ஒரு லேயர், பலூன் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர் என்று பிரித்த கோப்பு கிடைத்தால் நல்லது. ஸ்கேன் மட்டும்தான் கிடைத்தது என்றால், பலூனுக்குள் இருக்கும் ஆங்கில எழுத்தை வெள்ளை பூசி அழித்துவிட்டு, பழைய பக்கத்தை மறைத்த லேயராகக் கீழே வைத்திருங்கள். ஆங்கில எழுத்து எந்த அளவில், எந்த வரியில் நின்றது என்று அடிக்கடி பார்க்க வேண்டிவரும்.

மூன்றாவது, தமிழை ஒழுங்காகக் காட்டும் மென்பொருள். ஜிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் யூனிகோட் தமிழைச் சரியாகவே காட்டும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில் `World-Ready Layout` என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்காவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். சரிபார்க்க "கொடு" என்று தட்டிப் பாருங்கள். கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டம் ஒன்று முளைத்தாலோ அமைப்பு தவறு. நூறு பலூன் போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

## 2. மொழிபெயர்க்குமுன் படத்தில் மாற்ற முடியாததைக் குறியுங்கள்

ஒரு சொல்லும் எழுதாமல் பக்கத்தைப் பாருங்கள். படத்தில் வரைந்துவிட்ட பொருள்களில் எவையெல்லாம் நகைச்சுவைக்கு வேலை செய்கின்றன? நம் பக்கத்தில் இரண்டு: பசை ஜாடி, ஒட்டிய கைகள். இவற்றை மாற்ற முடியாது. ஆகவே தமிழ் நகைச்சுவை எங்கே சுற்றினாலும் கடைசியில் பசையில் வந்து நிற்க வேண்டும்.

அடுத்து, படமே சொல்லிவிடுவது எது என்று பாருங்கள். முகமூடி, துப்பாக்கி, வங்கிக் கம்பிச் சட்டம் எல்லாம் முதல் கட்டத்திலேயே இருக்கின்றன. நடப்பது கொள்ளை என்று வாசகருக்குத் தெரிந்துபோயிற்று. அப்படியானால் "இது கொள்ளை" என்று வசனம் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருப்பது சிலேடைக்காக. தகவல் தருவது அதன் வேலை இல்லை. புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். சிலேடையை விட்டுவிட்டு, தேவையில்லாத தகவலை "இது ஒரு கொள்ளை! கைகளை உயர்த்துங்கள்!" என்று பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

ஃபிரெஞ்சு, பெல்ஜியக் கதைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் அவற்றின் ஆங்கில வடிவம். பலூன் வரையப்பட்டது ஃபிரெஞ்சு வசனத்துக்காக. ஆங்கிலம் பெரும்பாலும் அதைவிடச் சுருக்கமாக முடிவதால் பலூனில் கொஞ்சம் காலி இடம் இருக்கும், அது நமக்கு லாபம். மேலும் ஆங்கிலச் சிலேடையே மூலத்தில் இல்லாத, ஆங்கில மொழிபெயர்ப்பாளர் போட்ட மாற்றாக இருக்கலாம். அதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. படத்துக்கு மட்டும் உண்மையாக இருந்தால் போதும்.

## 3. பலூனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

அளக்காமல் மொழிபெயர்த்தால், வசனம் எழுதிய பிறகு வெட்டத் தொடங்குவோம். அப்படி வெட்டும்போது முதலில் போவது நகைச்சுவைதான்.

எழுத்தை எண்ணி அளப்பதில் ஒரு கண்ணி உண்டு. இலக்கணப்படி 'மொ' ஓர் எழுத்து. ஆனால் பக்கத்தில் அது கொம்பு, ம, கால் என்று மூன்று உருவங்களின் இடத்தைப் பிடிக்கும். 'மை', 'மா' இரண்டும் இரண்டு. 'ம்', 'மி', 'மு' ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்று. விரிதாளில் `LEN` போட்டு எண்ணுபவர்கள் கவனிக்க: அதற்கு 'ம்' என்றாலும் இரண்டு, 'மொ' என்றாலும் இரண்டு. பக்கத்தில் முன்னதைப் போல மூன்று மடங்கு இடம் பின்னதற்கு வேண்டும். அதனால் நான் உருவங்களை எண்ணுகிறேன். இடைவெளி, வியப்புக்குறி, கேள்விக்குறி ஒவ்வொன்றையும் ஒன்று என்று சேர்த்துக்கொள்கிறேன். ண, ஞ, ஐ போன்ற அகலமானவை கொஞ்சம் ஏமாற்றும், ஆனாலும் திட்டமிட இது போதும்.

கடைசியில் எந்த எழுத்துருவை, எந்த அளவில் போடப் போகிறீர்களோ அதே அளவில் "கககககக" என்று பலூனுக்குள் நிரப்புங்கள். ஓரத்தில் ஓர் எழுத்தகலம் சுற்றிலும் காலியாக இருக்க வேண்டும். எத்தனை வரி, வரிக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு வந்த கணக்கு:

முதல் பலூன்: நான்கு வரி. மேலும் கீழும் ஐந்து உருவங்கள், நடுவில் இரண்டு வரிக்கு ஒன்பது.

இரண்டாவது: தட்டையான பலூன். இரண்டு வரி, வரிக்குப் பன்னிரண்டு.

மூன்றாவது: கட்டத்தின் கீழ் ஓரத்தில் ஒட்டி வரைந்த மிகச் சிறிய பலூன். அடிப்பக்கம் சட்டத்தில் வெட்டுப்பட்டுத் தட்டையாக இருக்கும். மூன்று வரி. மேல் வரியில் ஏழு, மற்ற இரண்டில் ஒன்பது.

## 4. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

ஆங்கில 'யூ' இதைச் சொல்லாது. தமிழில் நீயா நீங்களா என்று தீர்மானிக்காமல் ஒரு வினைச்சொல்லும் எழுத முடியாது. இடமும் இதில்தான் மாறுகிறது. 'எடு' இரண்டு உருவங்கள், 'எடுங்கள்' ஐந்து.

கொள்ளைக்காரன் காசாளரை நீ என்கிறான். காசாளர் கொள்ளைக்காரனை சார் என்கிறார். துப்பாக்கி நீட்டியவனிடம் வாடிக்கையாளர் மரியாதை காட்டுவதில் பாதிச் சிரிப்பு இருக்கிறது. அதனால் 'சார்' என்ற மூன்று உருவங்களை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டுவதில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்கிறேன்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். சின்ன பலூனில் பேச்சுத் தமிழ் பெரிய உதவி. "வந்துகொண்டிருக்கிறான்" என்பது "வர்றான்" ஆகிறது. "போய்விட்டது" என்பது "போச்சு" ஆகிறது. கதை முழுக்க ஒரே ஊர்ப் பேச்சாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் மதுரைக்காரனாகப் பேசியவன் பத்தாம் பக்கத்தில் வானொலிச் செய்தி வாசிக்கக் கூடாது.

## 5. கடைசி பலூனிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பலூனில் தொடங்கி வரிசையாக மொழிபெயர்ப்பவர், முதல் பலூனில் "கொள்ளை" என்று எழுதிவிடுகிறார். இரண்டாவதில் பசை ஜாடி வருகிறது. கொள்ளைக்கும் பசைக்கும் என்ன சம்பந்தம்? இப்போது சம்பந்தத்தை உண்டாக்க இரண்டாவது பலூனில் விளக்கம் எழுதுகிறார். ஒருவர் எழுதியது இது: "ஒட்டுவதற்கு ஏதாவது கேட்டீர்களோ என்று நினைத்துப் பசை எடுத்து வந்தேன் ஐயா." பலூனுக்கு வெளியே வழிகிறது. வழியாவிட்டாலும் சிரிப்பு வராது.

பின்னோக்கி வந்தால் கேள்வி மாறுகிறது. முடிவில் இருப்பது பசை, ஒட்டுதல். கொள்ளைக்காரன் வாயில் இயல்பாக வரக்கூடிய எந்தச் சொல்லுக்குள் இவை ஒளிந்திருக்கின்றன?

ஒரு தாளில் கொட்டிப் பாருங்கள்: ஒட்டு, ஒட்டுக்கேள், ஒட்டுப்போட்ட சட்டை, ஒட்டடை, ஒட்டகம், ஒட்டுமொத்தம். அந்தப் பக்கம்: பசை, பசையுள்ள ஆள். சிரிப்பு வருகிறதா என்று இப்போது பார்க்காதீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒட்டகம்கூட ஒருநாள் உதவும்.

இவற்றில் இரண்டு தேறின. ஒன்று 'பசை'. பணக்காரனைப் பசையுள்ள ஆள் என்கிறோம். "இருக்கிற பசையை எடு!" என்று கொள்ளைக்காரன் சொன்னால் காசாளர் பசை எடுத்துத் தரலாம். சுருக்கமானது, நேரானது. எனக்கு முதலில் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் துப்பாக்கியோடு வந்தவன் "பசையை எடு" என்று சொல்வானா? சிலேடைக்காகவே அப்படிப் பேசுகிறான் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. மேலும் பசை ஜாடி அடுத்த கட்டத்தில் வருமுன்பே 'பசை' என்ற சொல் வந்துவிடுவதால், படம் தர வேண்டிய ஆச்சரியம் முன்கூட்டியே செலவாகிவிடுகிறது.

இன்னொன்று 'ஒட்டுமொத்தமா'. "ஒட்டுமொத்தமா எடு!" என்று ஒரு கொள்ளைக்காரன் உண்மையிலேயே சொல்வான். கேட்பவர் காது மந்தமாக இருந்தால் 'ஒட்டு' மட்டும் விழும். மூன்றாவது கட்டத்தில் கை ஒட்டிய பிறகு அதே சொல் திரும்பி வந்து கடிக்கும். இதையே வைத்துக்கொண்டேன்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். பின்னால் வரும் சிரிப்பு வெடிக்கு முன்கூட்டியே வழி போடும் தயாரிப்பு வரியைத் தனியாக எடுத்து, நகைச்சுவை இல்லாத ஒரு கதையில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அது இயல்பாக நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் வாசகர் வெடியை முன்பே பார்த்துவிடுவார்.

## 6. இனி ஒவ்வொரு பலூனாக எழுதுங்கள், அதுவும் பின்னாலிருந்து

மூன்றாவது பலூன். தமிழின் இயல்பான வரிசையில் வினை கடைசியில் வரும்: "ஒட்டுமொத்தமா ஒட்டிடுச்சு!" வாக்கியத்தில் குறையில்லை. ஆனால் சிரிப்புக்கான சொல் முதலில் போய், வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி கடைசியில் நிற்கிறது. கை ஒட்டியதைப் படத்திலேயே பார்த்தாகிவிட்டது. அவர் எதிர்பாராதது முதல் கட்டத்தில் அவன் அதட்டிய அதே சொல் இப்போது அழுகையாக வருவது. எனவே அது கடைசியில் வர வேண்டும்.

பேச்சில் நாம் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது சாதாரணம். "வந்துட்டான்யா, மாப்பிள்ளை!" என்கிறோம். "கெடுத்துட்டியே, எல்லாத்தையும்!" என்கிறோம். அதேபோல்: "ஒட்டிடுச்சு… ஒட்டுமொத்தமா!"

ஆங்கில நகைச்சுவையை மொழிபெயர்க்கும்போது பெரும்பாலும் இந்தத் திருப்பம் வேண்டிவரும். அங்கே வெடி வைக்கும் சொல் வாக்கிய முடிவில் இருக்கும். நம் இயல்பு வரிசையில் அது நடுவுக்குப் போய் நமத்துவிடும். எல்லா பலூனிலும் திருப்பிப் போட்டால் மேடை நாடகம் போல ஆகிவிடும். வெடிக்கும் பலூனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எழுதியிருந்தது "ஒட்டிக்கிச்சே!" ஒன்பது உருவங்கள். மேல் வரிக்கு ஏழுதான் இடம். "ஒட்டிடுச்சு…" சரியாக ஏழு. 'ஏ'காரத்தில் இருந்த புலம்பல் போயிற்று என்று வருத்தம்தான். மூன்று புள்ளி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுகிறது.

இரண்டாவது பலூன். ஆங்கிலத்தில் 'பேஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. தமிழில் 'பசை' வேண்டுமா? ஜாடி கட்டத்தின் நடுவில் பெரிதாக இருக்கிறது. ஆகவே "இது போதுமா?" என்றாலே வாசகரின் கண் ஜாடிக்குப் போகும். அந்த இடத்தை மிச்சம் பிடித்து, தமிழில் கட்டாயம் வேண்டிய ஒன்றுக்குச் செலவிடலாம். ஆங்கிலத்தில் 'ஸ்டிக்' தனிச்சொல்லாகவே கேட்கும். தமிழில் 'ஒட்டு' ஒரு பெரிய சொல்லின் உள்ளே புதைந்திருக்கிறது. காசாளர் காதில் என்ன விழுந்தது என்று ஒரே சொல்லில் காட்டியாக வேண்டும்: "ஒட்டணுமா சார்? இது போதுமா?" முதல் வரி பதினொன்று, இரண்டாவது பத்து. அடங்குகிறது. விளக்கம் இல்லை, காது கேட்ட விதம் மட்டும் இருக்கிறது.

முதல் பலூன். "ஒட்டுமொத்தமா எடு!" என்பதே போதும். நான்கு வரி உயரம் இருப்பதால், அதட்டலுக்கு ஒரு "டேய்!" சேர்த்தேன். காசாளரின் 'சார்' இன்னும் எடுப்பாகத் தெரிவதற்கும் அது உதவுகிறது.

## 7. இன்னும் அடங்கவில்லையா? வெட்டும் வரிசை

நம் பக்கத்தில் தேவைப்படவில்லை. ஆனால் பெரும்பாலான பக்கங்களில் தேவைப்படும். நான் வெட்டும் வரிசை இது.

முதலில் நான், நீ, அவன் போன்றவை. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். "நான் வர்றேன்" என்பதில் 'நான்' எதற்கு?

பிறகு விளிப்பெயர்கள். ஆங்கில காமிக்ஸில் எதிரே நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தமிழில் எழுதினால் அந்தப் பெயர்கள் நீண்டு ஒரு வரியையே தின்னும். கதையில் அந்தப் பெயர் முதன்முதலாக வரும் இடமாக இல்லாவிட்டால் எடுத்துவிடலாம்.

அடுத்து, படம் சொல்லிவிடும் பொருள்கள். 'பசை'யை 'இது' ஆக்கியது போல.

கடைசியாக 'ஒரு', 'அந்த', 'மிகவும்', 'உண்மையில்' என்பவை. இவற்றை முதலிலேயே வெட்டுபவர்கள் உண்டு. நான் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம், பேச்சின் தாளம் சில நேரம் இவற்றில்தான் நிற்கும். "ஒரு காப்பி" என்பதற்கும் "காப்பி" என்பதற்கும் கேட்பவன் குணமே மாறிவிடும்.

எழுத்தின் அளவைக் குறைப்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒரு பலூனில் மட்டும் எழுத்து சிறிதானால் அந்தப் பாத்திரம் முணுமுணுக்கிறது என்றுதான் காமிக்ஸ் வாசகர் படிப்பார். எழுத்தின் அகலத்தை நெருக்கிப் பிழிவதும் வேண்டாம், கால்களும் கொம்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

## 8. வரி உடைப்பது

நீள்வட்ட பலூனில் வரிகள் சிறிது, பெரிது, சிறிது என்று வர வேண்டும். நடு வரி மட்டும் ஒடுங்கி உடுக்கை போல ஆனால் ஓரத்தில் எழுத்து இடிக்கும், நடுவில் காலி விழும்.

ஆங்கிலத்தைப் போலச் சொல்லுக்குள் கோடு போட்டு உடைப்பதைத் தமிழ்ப் பலூனில் நான் செய்வதில்லை. சொல்லின் இயல்பான பொருத்தில் பிரியுமானால் கோடில்லாமல் பிரிக்கலாம். "வந்து / விட்டான்" பிரியும். "வந்துவிட் / டான்" பிரியாது. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கவே கூடாது. "அதைக் கொடு" என்பதில் உள்ள 'க்' முதல் வரியோடுதான் இருக்க வேண்டும்.

இப்போது நம் பக்கம். 'ஒட்டுமொத்தமா' பத்து உருவங்கள், அது வரும் முதல், மூன்றாவது பலூன்களில் ஒரே வரியில் அடங்காது. இது இடைஞ்சலாகத் தெரிந்தது, பார்த்தால் அதுவே வழியாகிவிட்டது. 'ஒட்டு மொத்தமா' என்று பிரித்து எழுதுவதும் வழக்கம்தான். எனவே:

டேய்!
ஒட்டு
மொத்தமா
எடு!

'ஒட்டு' தனி வரியில் நிற்கிறது. காசாளர் காதில் விழுந்தது எது என்று வாசகரின் கண்ணுக்கும் தெரிகிறது. மூன்றாவது பலூனிலும் அதே உடைப்பு:

ஒட்டிடுச்சு…
ஒட்டு
மொத்தமா!

இது நான் வேண்டாம் என்று சொன்ன உடுக்கை வடிவம்தான். தெரிந்தே விட்டேன். முதல் கட்டத்தில் பார்த்த அதே அடுக்கு திரும்ப வருவதால் சொல் திரும்பியதைக் கண் முதலில் பிடிக்கிறது, காது பிறகு. சொல் பொருளோடு சேர்ந்தால் வடிவ விதியை மீறலாம். அழகுக்காக மீற வேண்டாம்.

இங்கே செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் பலூனில் 'ஒட்டு' என்ற சொல்லை மட்டும் தடிப்பாக்குவார்கள், வாசகர் கவனிக்காமல் போய்விடுவாரோ என்ற பயம். தடிப்பாக்கினால் கொள்ளைக்காரனே சிலேடை சொல்கிறான் என்று ஆகிவிடும். அவனுக்குத் தெரியாமல் நடப்பதால்தான் சிரிப்பு.

## 9. எழுத்தை அமர்த்துவது

ஆங்கில காமிக்ஸ் எழுத்து எல்லாம் பெரிய எழுத்து. மேலும் கீழும் எதுவும் நீட்டாது, வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருக்கின்றன. மென்பொருள் தானாக வைக்கும் வரி இடைவெளி பல தமிழ் எழுத்துருக்களில் தாராளமாக இருக்கும், ஒரு வரியே வீணாகும். கையால் குறையுங்கள். எழுத்தளவைப் போல 1.1 முதல் 1.2 மடங்கு வரை இறங்கிப் பார்க்கலாம். மேல் வரியில் 'கூழ்', கீழ் வரியில் 'வீடு' என்று போட்டு, இரண்டும் இடிக்காத இடத்தில் நிறுத்துங்கள்.

அச்சில் 8 பாயின்ட்டுக்குக் கீழே நான் போவதில்லை. ஒருமுறை திரையில் பெரிதாக்கி வைத்தே வேலை செய்து அனுப்பிவிட்டேன். அச்சில் சில இடங்களில் புள்ளி காணாமல் போய், "தள்ளு" என்பது "தளளு" ஆகிவிட்டது. வாசகர்கள் எழுத்துப் பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். அளவு சிறிதாக இருக்கும்போது தடித்த எழுத்துருவும் இதையே செய்யும், 'ணி', 'ஞ' போன்றவற்றின் உள்வெளி அடைத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் அழுத்தம் தர எழுத்தைச் சாய்ப்பார்கள். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் விழப்போவது போலத்தான் இருக்கும். நமக்கு அழுத்தம் தர 'ஏ'யும் 'தான்'-உம் இருக்கின்றன. "இப்ப" என்பதைத் தடிப்பாக்குவதைவிட "இப்பவே" நன்றாக இருக்கும்.

## 10. ஆங்கிலம் பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள்

அச்சளவில் ஒரு பிரதி எடுங்கள். கைபேசிக்கான வேலை என்றால் கைபேசியில் காட்டுங்கள். பார்ப்பவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது. எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டு, அவர் கண் போகும் வழியைக் கவனியுங்கள்.

இரண்டாவது கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தால், தயாரிப்பு சொல் கொஞ்சம் ஆழமாகப் புதைந்திருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. விட்டுவிடலாம். திரும்பிப் போய்ப் பார்த்தும் சிரிக்காவிட்டால் இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டாவது பலூனில் காசாளர் கேட்ட சொல்லை மாற்ற வேண்டும். முதல் கட்டத்திலேயே புன்னகைத்தால் வெடி முன்பே வெளியே தெரிகிறது, தயாரிப்பு வரி இயல்பாக இல்லை. "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னால் ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

## 11. எப்படியும் அடங்காதபோது

முதல் பலூனில் இரண்டு வரிக்கு மட்டும் இடம் இருந்திருந்தால்? மூன்று வழி உண்டு.

முதல் வழி, பலூனைப் பெரிதாக்குவது. அருகில் வெறும் வானமோ சுவரோ இருந்து அனுமதியும் இருந்தால், ஓரத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளலாம். வால் பேசுபவரின் வாயைக் காட்டும் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். முகத்தையும் கையையும் மறைக்கக் கூடாது.

இரண்டாவது, தயாரிப்பு சொல்லை வேறு இடத்தில் நடுவது. வங்கிச் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்து, அதை மாற்ற அனுமதியும் இருந்தால், "ஒட்டு மொத்தக் கடன் தீர்ப்பு" என்று எழுதிவைக்கலாம். கொள்ளைக்காரன் அதைக் காட்டி "அதே மாதிரி எடு!" என்றால் இரண்டு வரிதான். பலகை வாசகர் கண்ணில் படும் இடத்தில், பலூனுக்கு முன்னால் இருந்தால்தான் இது எடுபடும்.

மூன்றாவது, இந்தச் சிலேடையை விட்டுவிட்டுக் காசாளரின் பணிவை மட்டும் நம்புவது. "பணத்தை எடு!" "ஒட்டித் தரவா சார்?" சிரிப்பு பாதியாகும், ஆனால் படத்தோடு பொருந்தும். அந்தப் பக்கத்தில் விட்டதை ஈடுகட்ட, அதே காசாளர் பின்னால் எங்காவது பெரிய பலூனோடு வருகிறாரா என்று குறித்துவைத்துக்கொள்வேன். அவர் வாயில் வேறொரு 'சார்' போட இடம் கிடைக்கும்.